பூட்டிய வீடும் வற்றிய போரும்: ஒரு கணக்கெடுப்பில் இருவகைப் பிழைகள்

பல்லடத்திலிருந்து தாராபுரம் சாலையில் பொங்கலூர், குண்டடம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த மேட்டுக்காடு தெரிந்திருக்கும். பி.ஏ.பி. என்னும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்கால் தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் வரும். வராத காலத்தில் கிணறும் 'போர்' எனப்படும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீர் மட்டுமே கிடைக்கும் என்பதால், ஒரு போரில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும்போது அதே காட்டில் சற்றுத் தள்ளிப் போட்ட போரில் வெறும் புகை பறக்கும். இந்த நிலத்தில் 'எத்தனை விவசாயக் குடும்பங்களுக்குப் போர் வற்றியது?' என்று கேட்டுக் கணக்கெடுத்தால் என்னென்ன பிழைகள் நேரும், அவற்றில் எதைச் சூத்திரம் காட்டும், எதைக் காட்டாது என்பதே இந்த ஆய்வு.

கணக்கெடுப்பில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்த ஒன்றியத்தின் உண்மை நிலவரமாகவும் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பிழைகள் நேரும் விதம், களத்தில் போர் கணக்குக் கேட்கப் போகும் எவரும் சந்திக்கக்கூடியதுதான்.

திட்டமும் முதல் விடையும்

விவசாய மின் இணைப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் 20,000 இணைப்புகள். ஐம்பது இணைப்புக்கு ஒன்று என்று சீரான இடைவெளியில் 400 இணைப்புகளை எடுக்கிறோம். முதல் இணைப்பு எது என்பது மட்டும் சீட்டுக் குலுக்கல். தேர்வில் யாருடைய விருப்பமும் நுழையவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய முக்கியக் கேள்விகள் இரண்டு. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு உங்கள் போர் ஏதாவது வற்றியதா? இப்போதுள்ள போரின் ஆழம் எவ்வளவு?

களப்பணி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. இரண்டு வாரத்தில் 280 வீடுகளில் பதில் கிடைத்தது. அவற்றில் 98 வீடுகளில் 'வற்றியது' என்றார்கள். 98-ஐ 280-ஆல் வகுத்தால் 35 சதவீதம்.

இது 280 வீடுகளின் விடை. வேறு சீட்டு விழுந்து வேறு வீடுகள் வந்திருந்தால் 33 ஆகவோ 38 ஆகவோ வந்திருக்கலாம். முழுத்தொகுதியைக் கேட்காமல் ஒரு பகுதியை, அதாவது ஒரு கூறை, மட்டும் கேட்டதால் உண்டாகும் இந்த ஏற்ற இறக்கம்தான் கூறெடுப்புப் பிழை. யாரும் தவறு செய்து வருவதல்ல அது. எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் இருக்கும். அதன் அளவைக் கூறிலிருந்தே கணக்கிட்டுவிட முடியும் என்பதுதான் அதன் நல்ல குணம்:

SE = √(p(1−p)/n) = √(0.35 × 0.65 / 280) ≈ 0.0285

இதில் p வற்றியவர்களின் விகிதம், n பதில் தந்த வீடுகளின் எண்ணிக்கை. திட்டப்பிழை, அதாவது SE, 2.85 சதவீதப் புள்ளி. 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கு அதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.6. ஆக அறிக்கையில் '35 சதவீதம், கூட்டியோ குறைத்தோ 5.6' என்று எழுதலாம், அதாவது 29.4-க்கும் 40.6-க்கும் இடையில். பெரும்பாலான கணக்கெடுப்பு அறிக்கைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

அந்த 5.6-க்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் விடை எவ்வளவு மாறும் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள், கேள்வியை எல்லோரும் ஒரே பொருளில் புரிந்துகொண்டார்கள், பட்டியல் முழுமையானது என்பதையெல்லாம் சூத்திரம் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிடுகிறது. இந்த மூன்றில் எது பொய்த்தாலும் வருவது கூறெடுப்பு சாராப் பிழை.

பதில் இல்லாத 120 வீடுகள்

நானூறில் 120 வீடுகளில் பதில் கிடைக்கவில்லை. காரணத்தைக் குறித்து வைத்திருந்தால் அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 78 வீடுகள் பூட்டியிருந்தன. 27 பேர் பேச மறுத்தார்கள். 15 இணைப்புகளின் உரிமையாளர்கள் யார், எங்கே என்று பிடிபடவில்லை.

பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும் களப்பணியாளரிடம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொல்வது இப்படி இருக்கும்: "அவிய இங்க எங்கீங்க அம்மிணி இருக்கறாங்க? போர் நின்னு போனதுலிருந்து ரெண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறாங்க. காலைல ஏழு மணிக்கு வண்டி வந்துரும், வர்றதுக்கு ராத்திரி ஒம்போதாயிரும். ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா ஆளப் பாக்கலாமுங்க."

அந்த ஒரு பதிலிலேயே முழுப் பிரச்சினையும் இருக்கிறது. வீடு ஏன் பூட்டியிருக்கிறது? போர் வற்றியதால். நாம் எண்ண வந்ததும் அதைத்தான். தண்ணீர் உள்ளவர் பகலில் தோட்டத்தில் இருக்கிறார். தென்னைக்குப் பாய்ச்சுகிறார், மாட்டுக்குத் தீவனம் அறுக்கிறார், நம் கேள்விக்கும் பதில் சொல்கிறார். தண்ணீர் போனவர் பகலில் ஊரில் இல்லை. பதிலின்மை சும்மா அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருந்தால் கெடுதல் குறைவு. கூறு கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். இங்கே பதிலின்மைக்கும் விடைக்கும் வேர் ஒன்று. மறுத்த 27 பேரிலும் இதே சந்தேகம் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க, அனுமதித்த குதிரைத்திறனைவிடப் பெரிய மோட்டாரை மாட்டியவர், மின் இணைப்பு எண்ணோடு வந்து நிற்கும் புது ஆளிடம் வாய் திறக்கத் தயங்குவார்.

பதிலின்மை விடையை ஒரே பக்கமாகத் தள்ளும் சாய்வுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பதில் சொல்லாதோர் விகிதத்தை, பதில் சொன்னோருக்கும் சொல்லாதோருக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். விகிதம் நமக்குத் தெரியும்: 400-ல் 120, அதாவது 0.3. வித்தியாசம்தான் தெரியாது. தெரியாவிட்டாலும் ஓர் எல்லை கட்டலாம். 120 பேரில் ஒருவருக்குக்கூட வற்றவில்லை என்று வைத்தால் 98/400, அதாவது 24.5 சதவீதம். அத்தனை பேருக்கும் வற்றியது என்றால் 218/400, 54.5 சதவீதம். எந்த அனுமானமும் இல்லாமல் முதல் சுற்றுத் தரவு தருவது இந்த முப்பது புள்ளி அகல இடைவெளியைத்தான். 5.6 என்ற எண் எவ்வளவு தைரியமாகப் பேசியது என்பது இதன் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

களத்தில் இந்த இடத்தில் பரவலாக நடக்கும் ஒரு காரியத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். வீடு பூட்டியிருந்தால் அதற்குப் பதில் பக்கத்து வீட்டின் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது. படிவம் 400-ம் நிரம்பிவிடும், மேற்பார்வையாளருக்கும் திருப்தி. ஆனால் பூட்டிய வீட்டுக்குப் பதிலாக வருவது திறந்திருக்கும் வீடு. இந்த ஊரில் அது தண்ணீர் உள்ள வீடு. விடை 35-க்குப் பக்கத்திலேயே நிற்கும். n மட்டும் 400 ஆகி, பிழை எல்லை 5.6-லிருந்து 4.7-க்கு இறங்கும். சாய்வு அப்படியே இருக்க, துல்லியம் கூடியதாகத் தாள் சொல்லும். அதைவிடக் கேடு, 120 வீடுகளில் பதில் கிடைக்கவில்லை என்ற தடயமே அழிந்துவிடும். பின்னால் வருகிறவர் சரிசெய்ய நினைத்தாலும் முடியாது.

கூறைப் பெரிதாக்கினால் சரியாகுமா? இதே பகல் நேர முறையில் 4,000 வீடுகளை எடுத்து 2,800 பதில் வாங்கினால் பிழை எல்லை 2 புள்ளிக்கும் கீழே போகும். விடை 35-ஐச் சுற்றியே வரும். இருபதாயிரம் இணைப்பையும் விடாமல் போய், பூட்டிய வீடுகளைத் தாண்டி வந்தால், தேர்வின் ஏற்ற இறக்கமே இருக்காது. கூறெடுப்புப் பிழை சுழி. சாய்வு அப்போதும் துளி குறையாது. கூறெடுப்புப் பிழையை n கரைக்கும். மற்றதை n தொடுவதே இல்லை.

மறுபடி தேடிப் போவது

இதற்கு வழி 1946-லேயே மோரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் எழுதிவைத்தது. பதில் தராதவர்கள் எல்லோரையும் துரத்த வேண்டாம். அவர்களில் ஒரு சிறு கூறைச் சீட்டுப் போட்டு எடுத்து, அந்தச் சிலரிடம் எப்பாடுபட்டாவது பதில் வாங்க வேண்டும். பிறகு அவர்களை மொத்தப் பதிலில்லாதோருக்கும் பிரதிநிதியாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

120-ல் மூன்றுக்கு ஒன்றாக 40 வீடுகள். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை காலையிலும், மற்ற நாளில் இரவு எட்டரைக்கு மேலும் போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கைபேசி எண் வாங்கிப் பேசுகிறார்கள். மறுத்தவர்களிடம் ஊரில் அறிமுகமான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், மோட்டாரின் குதிரைத்திறன் பற்றிக் கேள்வியே இல்லை என்று படிவத்தைக் காட்டுகிறார்கள். 36 வீடுகளில் பதில் கிடைக்கிறது. 24 வீடுகளில் போர் வற்றியிருக்கிறது. அதாவது 66.7 சதவீதம்.

இரண்டையும் சேர்க்கும் கணக்கு:

0.7 × 35 + 0.3 × 66.7 = 24.5 + 20.0 = 44.5

35 என்று சொன்ன இடத்தில் 44.5. முதல் விடை ஒன்பதரைப் புள்ளி குறைவாக இருந்திருக்கிறது. அந்த 44.5, முதல் சுற்று அறிக்கை வேலி போட்ட 29.4–40.6 என்ற இடைவெளிக்கு வெளியே நிற்கிறது.

புதிய மதிப்பீட்டின் கூறெடுப்புப் பிழையையும் பார்த்துவிடலாம். இப்போது 36 வீடுகள் 120 வீடுகளுக்காகப் பேசுகின்றன; ஒவ்வொரு வீட்டின் சொல்லுக்கும் மூன்று மடங்குக்கு மேல் எடை. அதனால் ஏற்ற இறக்கம் கூடும். ஹான்சன்-ஹர்விட்ஸ் முறைப்படி கணக்கிட்டால் எல்லை ஏறத்தாழ 6.2 வருகிறது. முதலில் 5.6 இருந்தது. ஆக, சரியான விடைக்கு அருகில் வந்த மதிப்பீட்டின் பிழை எல்லை, தவறான விடையின் பிழை எல்லையைவிட அகலம். அகலம் குறைந்த அறிக்கைதான் தரமானது என்று தேர்ந்தெடுக்கிற அலுவலகம் இங்கே 35-ஐத்தான் எடுத்திருக்கும்.

கடைசி வரை சிக்காத நான்கு வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. நால்வருக்கும் வற்றவில்லை என்றால் மொத்த விடை 42.5, நால்வருக்கும் வற்றியது என்றால் 45.5. முப்பது புள்ளியாக இருந்த தெரியாமை மூன்று புள்ளிக்குச் சுருங்கியிருக்கிறது. நாற்பது வீடுகளுக்கான அலைச்சல் அதைச் செய்திருக்கிறது. செலவு கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு என் யோசனை: 400-க்குப் பதில் 250 வீடுகளை எடுங்கள், மிச்சமாகும் பணத்தை ஞாயிற்றுக்கிழமைப் படியாகக் கொடுங்கள்.

'போர் எத்தனை அடி?'

ஆழத்தைப் பற்றிய இரண்டாவது கேள்வியில் பிழை வேறு வழியில் வருகிறது. இங்கே ஆள் இருக்கிறார், பதிலும் சொல்கிறார், பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் எண் தவறு.

களப்பணியாளர்கள் இருவர். 400 வீடுகளும் இருவருக்கும் சீட்டுப் போட்டுச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன; பதில் கிடைத்த 280-ம் ஆளுக்கு 140 ஆக அமைந்தது. ஊர் வாரியாகப் பிரிக்கவில்லை என்பது முக்கியம். பயண வசதிக்காக ஆளுக்குச் சில ஊர் என்று பிரித்திருந்தால், வித்தியாசம் ஊருடையதா, கேட்டவருடையதா என்று பிரித்தறியவே முடியாது. ஒரே தொகுதியிலிருந்து தனித்தனியாகக் கூறுகள் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து ஒப்பிடும் இந்த உத்தி, இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் வங்காளத்துப் பயிர்க் கணக்கெடுப்புகளில் கொண்டுவந்தது. களப்பணியாளரால் வரும் பிழையைத் தரவே காட்டிக்கொடுக்கும்படி செய்த ஏற்பாடு என்பதால், அவருடைய வேலைகளில் இதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

முதலாமவருடைய 140 வீடுகளில் சராசரி ஆழம் 870 அடி. இரண்டாமவருடைய 140 வீடுகளில் 710 அடி. ஆழங்களின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 300 அடி என்று வைத்தால், ஒவ்வொரு சராசரிக்கும் திட்டப்பிழை 25 அடி. இரு சராசரிகளின் வித்தியாசத்துக்கு 36 அடி. 160 அடி வித்தியாசம் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். சீட்டு விழுந்த விதத்தால் இது வந்திருக்க வாய்ப்பில்லை.

இருவரும் கேட்ட விதத்தை ஒரே தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடுகிறது. முதலாமவர் கேட்டது: "ஏனுங்க, போர் எத்தனை அடி போட்டீங்க?" பதில்: "ஆயிரத்தி நூறுங்க." இரண்டாமவர் கேட்டது: "போர் எத்தனை அடியில ஓடுதுங்க?" அதே பெரியவர்: "எழுநூறுங்க அம்மிணி. மோட்டாரு எழுநூறுலதான் தொங்குது." ஒன்று ரிக் வண்டி துளைத்த ஆழம். மற்றது மோட்டார் இறங்கியிருக்கும் ஆழம். தண்ணீர் தட்டுப்பட்ட ஆழம் இன்னொன்று. கேசிங் பைப் இறங்கிய ஆழம் வேறு. நான்குக்கும் பேச்சுவழக்கில் 'போர் எத்தனை அடி' என்ற ஒரே கேள்விதான். படிவத்தில் 'ஆழம் (அடி)' என்று மட்டும் அச்சடித்துவிட்டு, கேட்கும் சொற்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டதன் விளைவு இது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 790 வரும். எந்த ஆழத்தின் சராசரியும் அல்ல அது.

இதைக் களத்தில் சரிபார்க்க முடியும். மோட்டார் உள்ளே தொங்கும்போது நூல் விட்டு அளப்பது சிரமம்; ஆனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், ரசீதில் துளைத்த அடி இருக்கும். ரசீது வைத்திருக்கும் வீடுகளில் அதைப் பார்த்து, வாய்ச்சொல்லோடு ஒப்பிட்டாலே பிழையின் அளவு பிடிபடும்.

சொன்ன எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 280-ல் 61 பேர் மிகச் சரியாக 'ஆயிரம்' என்கிறார்கள். 960-க்கும் 990-க்கும் இடையில் சொன்னவர்கள் மூன்றே பேர். பாறை அப்படி முழு எண்ணாகப் பார்த்து நிற்காது. நினைவில் இருப்பதை முழுமையாக்கிச் சொல்கிறார்கள். சராசரிக்கு இதனால் பெரிய சேதம் இல்லை, கூடுவதும் குறைவதும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் அறிக்கையில் 'ஆயிரம் அடிக்கு மேல்' என்று ஒரு வரி இருந்தால், ஆயிரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து அந்த விகிதம் 22 புள்ளி எகிறும். எல்லைக்கோட்டை 1,000-ல் வைக்காமல் 950-லோ 1,050-லோ வைத்தால் தப்பிக்கலாம்.

முதல் கேள்வியும் இந்தத் தொல்லைக்கு விலக்கல்ல. 'வற்றியது' என்றால் என்ன? இருபது நிமிடம் ஓடி நின்று, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி இருபது நிமிடம் ஓடும் போரை ஒருவர் வற்றியது என்பார், இன்னொருவர் "வருதுங்க, விட்டு விட்டு வருது" என்பார். படிவம் இதை முன்கூட்டியே முடிவுசெய்து, 'தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடுமா?' என்பது போல ஒரே அளவுகோலைக் கேட்க வேண்டும். காலத்தைப் பொறுத்தவரை, 'கடந்த ஐந்தாண்டில்' என்று கேட்டால் ஏழாண்டுக்கு முன் நடந்ததும் உள்ளே வந்துவிடும். பெரிய நட்டம் எப்போதும் அண்மையில் நடந்தது போலத்தான் தோன்றும். ஊரடங்கை அடையாளமாக வைத்துக் கேட்டது அதற்காகத்தான்.

பட்டியலில் இல்லாதவர்கள்

44.5-லும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது, அதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் தீர்க்காது. நாம் எடுத்தது மின் இணைப்புப் பட்டியலிலிருந்து. போர் போட்டு, தண்ணீர் கிடைக்காமல், அதனால் இணைப்பே வாங்காதவர் அதில் இல்லை. இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவரும் இல்லை. அவர்களுக்குச் சீட்டு விழும் வாய்ப்பே சுழி. ஆகவே அவர்கள் பதிலில்லாதோர் கணக்கிலும் வர மாட்டார்கள். மாறாக, ஒரே குடும்பத்துக்கு மூன்று இணைப்பு இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று மடங்கு வாய்ப்பு. பின்னதைச் சரிசெய்யலாம்: எத்தனை இணைப்பு என்று கேட்டு, அந்த எண்ணால் எடையை வகுத்தால் போதும். முன்னதற்கு வேறு பட்டியல் வேண்டும். சில ஊர்களை மட்டும் சீட்டுப் போட்டு எடுத்து, சிட்டா-அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு காடு காடாக நடந்து, இணைப்பில்லாத போர்க் குழிகளை எண்ண வேண்டும். அதைச் செய்யாதவரை அறிக்கையின் தலைப்பில் 'விவசாயக் குடும்பங்கள்' என்று போடக் கூடாது. 'விவசாய மின் இணைப்பு உள்ள குடும்பங்கள்' என்றே போட வேண்டும். 44.5-க்குப் பக்கத்தில் 6.2-ஐ எழுதும்போது, முதல் சுற்றில் பதில் தராதவர் 120, இரண்டாம் சுற்றில் தேடிய 40-ல் கிடைத்தது 36, ஆழக் கேள்வியில் இரு களப்பணியாளர்களுக்கிடையே 160 அடி வித்தியாசம் என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.